ஹெல்மெட்டின் மேல் சும்மாடு

பிசியோதெரபி படித்து முடித்த இரண்டு வருஷத்துக்குள் எனக்குக் கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, தலைக்கனம் வந்தது. முதல் இரண்டும் பெரியவர்கள் பார்த்துச் செய்து வைத்தவை. மூன்றாவது மட்டும் என் சொந்த முயற்சி.

செங்கல்பட்டில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் அறை எடுத்து போர்டு மாட்டியிருந்தேன். ஊரில் என்னை யாரும் பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லவில்லை. 'கரண்டு வெக்கிற டாக்டரம்மா' என்றார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். அப்படியானால் கரண்டு வைக்க லைன்மேனே போதுமே என்று ஒருவர் எழுந்து போய்விட்டார். அதன்பிறகு திருத்துவதை விட்டுவிட்டேன். திருக்கழுக்குன்றத்தில் கோயில் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா, இதைவிட ஒரு படி மேலே போய், 'எலும்பு டாக்டர் மாதிரி, ஆனா கத்தி வெக்க மாட்டா' என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். கேட்டவர்கள் அதை என் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். ஒரு நாள் காலையில் ஒருவர் நொண்டிக்கொண்டு மாடி ஏறி வந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயது. கழுத்தில் விசில் தொங்கியது. சிறுசேரியில் கட்டிக்கொண்டிருந்த ஒரு மென்பொருள் அலுவலகக் கட்டடத்துக்குப் பாதுகாப்பு அலுவலராம். கணுக்கால் சுளுக்கு.

"எப்படி ஆச்சு?" என்றேன்.

கொஞ்சம் தயங்கினார். "போர்டு தடுக்கிடுச்சு மேடம்."

"என்ன போர்டு?"

"கவனமாக நடக்கவும்னு நானே வெச்ச போர்டு."

சிரிக்கக்கூடாது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் அந்த வகுப்புக்கு ஒழுங்காகப் போகவில்லை.

நான் சிரித்ததைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டு அவர் விஷயத்துக்கு வந்தார். சைட்டில் கலவையும் ஜல்லியும் தூக்கும் சித்தாள்கள் கழுத்து வலி, கழுத்து வலி என்று லீவு போடுகிறார்கள். தலையில் தூக்குவதுதான் காரணம். "காட்டுமிராண்டித்தனம் மேடம். நீங்க வந்து எப்படித் தூக்கணும்னு ஒரு கிளாஸ் எடுங்க."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினைந்து, இருபது கிலோவைக் கொண்டுபோய்க் கழுத்தின் மேல் வைப்பது என்ன புத்தி? கழுத்தெலும்புகள் முதுகெலும்பிலேயே சின்னவை. தலையைத் தாங்குவதே அவற்றுக்குப் பெரிய வேலை. இதெல்லாம் எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. போய்ச் சொன்னால் தெரிந்துவிடும். விஷயம் அவ்வளவு சுலபம்.

குழந்தையைப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் விட்டுவிட்டு, திருப்போரூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போனேன். கையில் சுருட்டிய சார்ட். உடம்பின் தசைகள் எல்லாவற்றையும் சிவப்பில் காட்டும் ஓர் ஆண் படம். பஸ்ஸில் அது பக்கத்து சீட்டுக்காரரின் மூக்கில் இரண்டு தடவை இடித்தது.

சைட்டில் இருபது பெண்களுக்கு மேல் மணல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லோர் தலையிலும் மஞ்சள் ஹெல்மெட். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை. பெரும்பாலும் கருங்குழிப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் வேன் பிடித்து வருகிறவர்கள். ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பங்கள், இப்போது அடுத்தவர் கட்டடத்துக்கு வந்துகொண்டிருந்தன. அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லி. முதுகு அளவுகோல் மாதிரி நேர். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் குச்சியால் படத்தைத் தொட்டு ஆரம்பித்தேன். "இது டிரபீசியஸ். கழுத்துலேருந்து தோள்பட்டை வரைக்கும் வரும்."

அவர் கையைத் தூக்கினார். "டாக்டரம்மா, இந்தாளுக்குத் தோலே இல்லியே. இன்னாத்த தூக்கினான், இப்டி ஆயிட்டான்?"

கூட்டம் சிரித்தது. பாதுகாப்பு அலுவலர் விசில் ஊதினார். சிரிப்புக்கு விசில் ஊதும் மனிதரை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அந்தப் பெண்கள் அவருக்கு 'விசில் சாரு' என்று பெயர் வைத்திருந்தது அப்போது புரிந்தது.

முக்கால் மணி நேரம் பேசினேன். தலையில் சுமை வைக்காதீர்கள், முழங்காலை மடக்கிக் குனியுங்கள், கலவைச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்து வயிற்றோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். செய்தும் காட்டினேன், காலிச் சட்டியை வைத்து. காலிச் சட்டியை எப்படித் தூக்கினாலும் சரியாகத்தான் இருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

விசில் சாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இன்னியிலேருந்தே எல்லாரும் மேடம் சொன்ன மாதிரிதான் தூக்கணும்" என்று அங்கேயே உத்தரவு போட்டார். நானும் பெருமையாக நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

சாப்பாட்டு மணி வருவதற்குள் என் பாடம் கந்தலாகிவிட்டது. வயிற்றுக்கு முன்னால் சட்டி இருந்தால் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சாய்தளப் பலகையில் ஏறும்போது சட்டி முழங்காலில் இடித்தது. எடை முன்னால் இழுக்க, அதைச் சரிக்கட்ட எல்லோரும் பின்னால் வளைந்து, நிறைமாதக் கர்ப்பிணிகள் ஊர்வலம் போவது மாதிரி நடந்தார்கள். மேலே கொத்தனார்கள் கலவை வரவில்லை என்று கத்தினார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவரும் இடுப்புக்குப் பின்னால் கையை ஊன்றிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

தலைவி அக்கா தூக்குவாளியைத் திறந்துகொண்டே சொன்னார். "கய்த்து வலிக்கி வந்த டாக்டரு, முதுகு வலிய குடுத்துட்டுப் போவுது. இன்னும் ரெண்டு நாள் இருந்துச்சுன்னா முட்டிவலியும் கெடைக்கும்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏனென்றால் தவறு எங்கே என்று எனக்கே தெரிந்தது. நான் பரீட்சை எழுதிப் பாஸான பாடம் அது. முதுகெலும்பை ஒரு தராசின் நடுமுள்ளாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டி அதற்கு முன்னால் ஒரு முழம் தள்ளித் தொங்குகிறது. அதைப் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கிற முதுகுத் தசைகளோ எலும்பை ஒட்டி, மூன்று விரற்கடைத் தூரத்தில் இருக்கின்றன. எட்ட இருக்கும் சுமையைக் கிட்ட இருக்கும் தசை சமாளிக்க வேண்டுமானால், சட்டியின் எடையைப் போலப் பல மடங்கு அது இழுத்தாக வேண்டும். ஒரு தடவை குனிந்து எதையாவது எடுத்து வைப்பதற்கு என் பாடம் சரி. நாள் முழுக்க நூறு நடை நடப்பதற்கு அல்ல.

"நீ ஒரு வாட்டி தலையில வெச்சிப் பாத்துகிறியா?" என்றார் அக்கா. சண்டைக்கு இழுக்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்தேன்.

ஒரு பழைய துணியை முறுக்கி வட்டமாகச் சுற்றி என் உச்சந்தலையில் வைத்தார். சும்மாடு. அரைச் சட்டி மணல். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒரே மூச்சில் ஏற்றினார்கள். ஏற்றுவதும் இறக்குவதும்தான் இதில் ஆபத்தான நேரம் என்று அக்கா சொன்னார். தனியாக ஏற்றினால் சட்டி ஒரு பக்கமாக வந்து உட்காரும், அப்போதுதான் கழுத்து பிசகும். அதனால் துணை இல்லாமல் யாரும் ஏற்றுவதில்லை.

சட்டி உட்கார்ந்ததும் என் கழுத்தில் இருந்த அத்தனை தசையும் ஒன்றாகக் கெட்டிப்பட்டன. தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. சார்ட்டில் சிவப்பாக இருந்த ஆள் எனக்குள் புகுந்துகொண்ட மாதிரி இருந்தது.

"கய்த்த இறுக்காத. தோள தொங்கப் போடு. தாடைய லேசா உள்ள இழு. கீழ பாக்காத, தோ அந்த லாரியப் பாரு. யாரோ முடியப் புட்ச்சி மேல தூக்கற மாரி நில்லு."

நின்றேன். திடீரென்று சட்டி லேசானது. எடை குறையவில்லை, தலை, கழுத்து, முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றதும், எடை எலும்பு வழியாக நேராகத் தரைக்குப் போய்விட்டது. பெரிய தசைகளுக்கு இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. கழுத்தின் உள்ளே எலும்பை ஒட்டி இருக்கும் சின்னத் தசைகள் மட்டும் இப்படி ஒரு நூல், அப்படி ஒரு நூல் என்று சட்டியை நடுவில் நிறுத்திக்கொண்டிருந்தன. வயிறு தானாக இறுகியது. நடக்கும்போது முழங்காலை லேசாகத் தளர்த்தி, அடியைச் சின்னதாக வைத்தால் தலை குலுங்கவில்லை. பாரத்தைத் தொடையும் கெண்டைக்காலும் பார்த்துக்கொண்டன.

இருபது அடி நடந்ததும் கழுத்து எரிய ஆரம்பித்தது. வருஷக்கணக்காகப் பழகாத கழுத்து அவ்வளவுதான் தாங்கும். இறக்கச் சொன்னேன். தலையில் சுமப்பது அமிர்தம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த எடை கழுத்தெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வை நசுக்கத்தான் செய்யும். ஆனால் காட்டுமிராண்டித்தனம் என்று நானும் விசில் சாரும் சொன்னதில், எங்கள் இருவரின் அறியாமை தவிர வேறெதுவும் இல்லை.

நான் கழுத்தைத் தடவிக்கொண்டிருக்க, அக்கா என் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொழந்தய எந்தப் பக்கம் இடுப்புல வெச்சிக்குவ?"

எனக்குக் குழந்தை இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. "இடது பக்கம். வலது கை வேலைக்கு வேணுமே."

"வலதுபக்கம் முதுகு வலிக்குமே?"

திகைத்துப் போனேன். மூன்று மாதமாக வலது பக்க இடுப்புக்கு மேலே வலி. சொந்தக் கிளினிக்கில், கதவைச் சாத்திக்கொண்டு, எனக்கு நானே கரண்டு வைத்துப் பார்த்திருந்தேன். "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"சட்டிய எறக்கினப்புறமும் வலதுபக்கம் சாஞ்சே நிக்கற. இடுப்புல கொழந்த இல்ல, ஆனா இருக்கற மாரியே நிக்கற. நானும் மூணு பெத்தவதான். பக்கத்த மாத்தி மாத்தி வெச்சிக்கோ. கொழந்தய இடுப்பெலும்பு மேல உக்கார வெய்யி, கையால தூக்கிகினு நிக்காத. ஒடம்போட ஒட்டிக்கோ."

பதினொரு கிலோ குழந்தை இடது பக்கம் தொங்கும்போது, உடம்பு கவிழாமல் இருக்க வலது பக்கம் சாய்கிறது. அப்படியும் போதாமல் வலது விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கும் தசைகள் கயிறு மாதிரி இழுத்துப் பிடிக்கின்றன. நடக்கும்போது வலது காலில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் வலது புட்டத்தின் பக்கவாட்டுத் தசைதான் இடுப்பு எதிர்ப்பக்கம் தொங்கிவிடாமல் காப்பாற்ற வேண்டும். சுமை ஒரு பக்கம், கூலி வேலை மறு பக்கம். இதை நான் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன், படம் வேறு போட்டு. என் இடுப்புக்கு மட்டும் அது பொருந்தாது என்று எப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை.

வலிக்கும் இடத்தையே பார்க்காமல் வலியை உண்டாக்கும் இடத்தைத் தேட வேண்டும் என்ற புத்தி அப்போதுதான் வந்தது. கழுத்து வலி என்று நிறைய லீவு எடுத்த பெண்ணைக் கூப்பிடச் சொன்னேன். இருபத்திரண்டு வயதுப் பெண். தலையைத் திருப்பச் சொன்னால் தலையைத் திருப்பாமல் உடம்பையே திருப்பினாள். காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தோள்பட்டை வரை கல் மாதிரி இறுகியிருந்தது. வலது பக்கம் மட்டும். கை மரத்துப் போவது, விரலில் பலம் குறைவது ஏதாவது உண்டா என்று பார்த்தேன். இல்லை. நரம்பு சமாச்சாரம் இல்லை, தசை சமாச்சாரம்தான்.

"எத்தனை வருஷமா தலையில தூக்கற?"

"அஞ்சு வருசமா."

"வலி எப்பத்துலேருந்து?"

"ரெண்டு மாசமாத்தான்."

சுற்றி இருந்தவர்களையும் கேட்டேன். வலி இருந்தவர்கள் எல்லோருக்கும் இரண்டு மாதம். பெரும்பாலும் வலது பக்கம். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி என்ன ஆச்சு?"

எல்லோரும் ஒரே சமயத்தில் தங்கள் மஞ்சள் ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டினார்கள்.

அந்தப் பெண்ணை ஹெல்மெட்டோடு சுமந்து காட்டச் சொன்னேன். ஹெல்மெட்டின் மேல் சும்மாடு, சும்மாட்டின் மேல் சட்டி. வழுவழுப்பான உருண்டைப் பிளாஸ்டிக்கின் மேல் துணி வழுக்கியது. தவிர, ஹெல்மெட் தலையில் நேராக உட்காருவதில்லை. உள்ளே இருக்கும் பட்டைகளில்தான் தொங்குகிறது. மேலிருந்து ஏதாவது விழுந்தால் அடி தலைக்கு வராமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். ஆனால் சுமையை வைத்தால் அதுவே ஊஞ்சலாகிவிடுகிறது. ஆடும் சட்டியைப் பிடிக்க வலது கையை மேலே தூக்கியவள், போய்ச் சேரும் வரை இறக்கவே இல்லை. தூக்கிய கையைத் தாங்குவது தோள் தசை. தோளைத் தாங்குவது கழுத்திலிருந்து வரும் அதே டிரபீசியஸ். அதற்கு மேல், எந்தப் பக்கம் ஆடுமோ என்ற பயத்தில் கழுத்தின் முன்பக்கத் தசையும் பின்பக்கத் தசையும் ஒரே நேரத்தில் இறுகிக்கொண்டிருந்தன. நேராக நின்றால் எலும்பு செய்திருக்கும் வேலையைப் பாவம், தசை செய்துகொண்டிருந்தது.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"தெரியாம இன்னா? தொப்பி வந்தப்புறந்தான் வலி."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீ படம் காட்டிகினு இருந்த. படிச்ச பொண்ணு பேசும்போது நடுவுல பூரக்கூடாதுன்னு கம்முனு குந்திகினு இருந்தோம்."

விசில் சாரிடம் போனேன். அவர் காதைக் கொடுத்தார், மனசைக் கொடுக்கவில்லை. "ஹெல்மெட் கம்பல்சரி மேடம். மேலேருந்து செங்கல் விழுந்தா யார் பதில் சொல்றது?"

அதிலும் நியாயம் இருந்தது. போன வாரம்தான் சாரத்திலிருந்து ஒரு பலகை விழுந்து, கலவை மிஷினுக்குப் பக்கத்தில் நட்டுக்கொண்டு நின்றதாம். கழுத்தைக் காப்பாற்றப் போய் மண்டையை விடச் சொல்ல முடியாது. யோசித்துவிட்டு, "இவங்க நடக்கற பாதைக்கு மேல பலகையும் தகரமும் போட்டு ஒரு கூரை அடிச்சிடுங்களேன். அந்தக் கூரைக்குள்ள மட்டும் ஹெல்மெட் வேண்டாம்னு விட்டுடலாம்" என்றேன்.

"அது டிராயிங்லயே இல்லையே மேடம்."

"டிராயிங்ல இந்தப் பொம்பளைங்களும்தான் இல்ல."

அவர் அதை ரசிக்கவில்லை. அடுத்த வாரம் பாதுகாப்பு வாரம் கொண்டாடப் போவதாகவும், தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வருவதாகவும், அங்கே நான் 'சரியான முறையில் சுமை தூக்குதல்' பற்றிப் பத்து நிமிஷம் பேசினால் போதும் என்றும், கூரையைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

பாதுகாப்பு வாரத்துக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தக்கால் ஒன்று சாய்ந்திருந்தது. பெரிய அதிகாரி கறுப்பு ஷூ பளபளக்க வந்து மாலை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு பேச்சாளரும் உயிரின் மதிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி, புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் உயிரை வாங்கினார். என் முறை வந்ததும், சொன்னால் கேட்க மாட்டார்கள், காட்டிவிடலாம் என்று அக்காவை மேடைக்குக் கூப்பிட்டேன்.

ஒரு சட்டி நிறைய மணல். முதலில் ஹெல்மெட் இல்லாமல். இரண்டு பேர் ஏற்றிவிட்டார்கள். அக்கா கையை வீசிக்கொண்டு மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பினார். வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்புவதற்குக்கூட அவர் தலையைச் சாய்க்கவில்லை, முழங்காலைத்தான் மடக்கினார். அதிகாரியே கை தட்டினார்.

"இப்ப ஹெல்மெட்டோட" என்றேன்.

அதற்குள் விசில் சாருக்கு நான் எங்கே போகிறேன் என்று புரிந்துவிட்டது. மைக்கை என்னிடமிருந்து வாங்கினார். "ஹெல்மெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார். பழக்கம்தான். மனசு வெச்சா யாரும் தூக்கலாம். நானே தூக்கிக் காட்டறேன்."

"வேணாம் சாரு" என்றார் அக்கா. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். "அரைச் சட்டி வெச்சிக்கோ."

"முழுச் சட்டியே வைங்க."

ஏற்றினார்கள். சும்மாட்டை ஹெல்மெட்டின் மேல் அக்காவே பார்த்துப் பார்த்து வைத்தார். விசில் சார் முதல் அடியைச் சரியாக வைத்தார். இரண்டாவது அடியில் கண் கீழே போயிற்று, தன் காலைப் பார்த்தார். தாடை முன்னால் வந்தது. ஹெல்மெட் முன்பக்கம் சரிந்து கண்ணை மூடியது. இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்தார். பிடித்ததும் தோள்கள் ஏறின, இடுப்பு பின்னால் போனது, உடம்பு முழுக்க வளைந்து ஒரு கேள்விக்குறி ஆனது. கண் தெரியாமல் இன்னும் நான்கு அடி நடந்தார். அந்த நான்கு அடியும் பெரிய அதிகாரி இருந்த திசையிலேயே நடந்தார். அக்காவும் இன்னொரு பெண்ணும் பாய்ந்து ஆளுக்கொரு பக்கம் சட்டியைப் பிடித்துக்கொண்டதால் அவர் கழுத்து தப்பியது. மணல் தப்பவில்லை. அதிகாரியின் மடியிலும் மாலையிலும் பளபளத்த ஷூவிலும் நிறைந்தது.

பிறகு பின்வரிசையில் கழுத்து வலிக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அதிகாரி ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டினார். நான் பயந்துகொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்றார்.

கூரையைப் பற்றிச் சொன்னேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்த வாரமே சவுக்குக் கட்டைகளின் மேல் பலகையும் தகரமும் அடித்து, கலவை மிஷினிலிருந்து சாய்தளத்தின் உச்சி வரை ஒரு மூடுபாதை வந்துவிட்டது. அதற்குள் சும்மாடு மட்டும், வெளியே வந்தால் ஹெல்மெட். சட்டியின் முக்கால் அளவில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் அள்ளக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். பாதையின் வாசலில் 'பாதுகாப்பு அலுவலரின் புதிய முயற்சி' என்று போர்டு வைத்தார்கள். மேடையில் மணலைக் கொட்டிய விசில் சாருக்கும் ஏதாவது திருப்தி வேண்டும் என்று நினைத்து நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பத்து நாள் தலைச்சுமை வேண்டாம் என்று சொல்லி, ஜல்லி சலிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். நான் வெந்நீர் ஒத்தடமும், தாடையை உள்ளே இழுத்துப் பிடிக்கும் ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தேன். கழுத்தின் உள்தசைகளைப் பலப்படுத்துவது அது. பார்ப்பதற்குக் கோழி நடப்பது மாதிரி இருக்கும். மறுநாள் முதல் சாப்பாட்டு நேரத்தில் அத்தனை பேரும் வட்டமாக உட்கார்ந்து கோழி விளையாட்டு விளையாடினார்கள். கேலிக்காக ஆரம்பித்தாலும் தினமும் செய்தார்கள். மூன்று வாரத்தில் அவள் தலை தனியாகத் திரும்பியது. திரும்பியதும் முதலில் விசில் சாரைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்று அக்கா சொன்னார்.

நானும் குழந்தையை வலது இடுப்பில் வைத்துப் பழகினேன். முதல் வாரம் இடது கையால் தோசை திருப்பியதில் எங்கள் வீட்டில் யாரும் வட்டமான தோசை சாப்பிடவில்லை. ஒரு மாதத்தில் முதுகுவலி போயிற்று. கரண்டு வைத்ததால் போயிற்று என்றுதான் என் கணவர் இன்றைக்கும் நம்புகிறார்.

கட்டடம் முடிந்து, கண்ணாடி மாட்டி, உள்ளே ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு அந்தப் பெண்கள் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் என் செல்போனில் புது நம்பர்.

"டாக்டரம்மா, நல்லா கீறியா? இப்போ கேளம்பாக்கத்தாண்ட வேல. இங்க வெள்ளத் தொப்பி குடுக்கறானுங்க."

"மூடுபாதை?"

"அதெல்லாம் ஒண்ணியும் கெடையாது. இந்த சாரு விசில்கூட வெச்சிக்கல, ஒரே கத்துதான். நீ ஒருவாட்டி வந்து பேசேன். படம் எடுத்தாராத."

போனேன். அங்கிருந்த பொறியாளர் நான் சொன்னதை ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, நாளைக்கு வாங்க என்றார். மறுநாளும் போனேன். அன்றைக்கு அவர் லீவு. வந்தது வீணாகப் போக வேண்டாம் என்று அக்கா எனக்கு ஒரு தட்டில் சாம்பார் சாதம் போட்டுக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தாடையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். புதிதாக வந்த கொத்தனார் ஒருவர் இந்தப் பொம்பளைங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவை நான் போனபோது அந்தப் பொறியாளர் இருந்தார். இந்தத் தடவை நான் பேசவில்லை. அவர் கையில் ஒரு வெள்ளை ஹெல்மெட்டையும் சும்மாட்டையும் கொடுத்து, அரைச் சட்டி மணல் கொண்டுவரச் சொன்னேன்.